ஒரு மெயிலில் மூன்று வேலை

*அக்கா, குலசேகரத்தில் எங்கள் மாமாவின் ரப்பர் ஷீட் கடையில் பில், கணக்கு, மெயில் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். ஜிமெயில் இன்பாக்ஸில் 8,300 மெயில் கிடக்கிறது. ஸ்டார் போட்டு வைத்ததே 340. போன மாதம் கோட்டயம் பார்ட்டி கேட்ட கிரெடிட் நோட்டை மறந்துபோனேன். அவர் பேமென்டை நிறுத்தி வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து 600 மெயில் அழித்தேன், மூன்று வாரத்தில் பழையபடி நிறைந்துவிட்டது. அந்தப் பார்ட்டியின் மெயிலையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தினமும் எப்படிச் செய்தால் இது நிற்கும்? – ஒரு வாசகி, குலசேகரம்*

அந்த மெயிலை இரண்டு தடவை படித்தேன், தங்கச்சி. நீங்கள் அதை மறக்கவே இல்லை. வந்த அன்றைக்கே திறந்திருக்கிறீர்கள், ஸ்டார் போட்டிருக்கிறீர்கள், ஒரு மணி நேரத்தில் பதிலும் எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

அவர் எழுதியது நாலே வரி. பில் 214-இல் 1,850 கிலோ என்று இருக்கிறது, எங்கள் எடைமேடையில் 1,805தான், வித்தியாசத்துக்கு கிரெடிட் நோட் போடுங்கள் என்கிறார். இனி லோடைப் புது குடோனுக்கு அனுப்புங்கள் என்று ஒரு முகவரி. கடைசியாக, அடுத்த வாரம் 3 டன் ஆர்.எஸ்.எஸ்.-4 ரக ஷீட் கிடைக்குமா என்று ஒரு கேள்வி. நீங்கள் அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் “தரலாம் சார், செவ்வாய்க்கிழமை லோடு ஏற்றுகிறோம்” என்று எழுதிவிட்டீர்கள். பதில் போன மெயிலை மனசு முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். ஸ்டார் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது, ஆனால் அது 340-இல் ஒன்று. இது முக்கியம் என்று மட்டும்தான் ஸ்டார் சொல்லும். இதில் யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று அது சொல்லாது. படித்த மெயிலை மறுபடி படிக்காததாக மாற்றி வைக்கிறார்களே, அதுவும் இதே கதைதான்.

உங்கள் கடையில் ஷீட் தரம் பிரிப்பவரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கட்டிலிருந்து ஒரு ஷீட்டை உருவுவார், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். குமிழி இருக்கிறதா, புகை சரியாக ஏறியிருக்கிறதா, பூஞ்சை உண்டா என்று பார்த்து ஏதாவது ஓர் அடுக்கில் போடுவார். பார்த்த ஷீட்டை வந்த கட்டுக்கே திருப்பி வைக்கமாட்டார். வைத்தால் சாயங்காலம் வரை ஒரே ஷீட்டைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டியதுதான். மெயிலில் நாம் எல்லாரும் செய்வது அந்தத் தப்பைத்தான். திறக்கிறோம், பார்க்கிறோம், அங்கேயே விட்டுவிடுகிறோம்.

அதனால் நான் சொல்லப்போகும் வழக்கத்தில் விதி ஒன்றே ஒன்று. திறந்த மெயில் இன்பாக்ஸில் தங்கக்கூடாது. அதில் வேலை இருந்தால் வேலைப் பட்டியலுக்குப் போகும், பின்னால் தேவைப்படும் என்றால் ஆவணமாகப் போகும், இரண்டும் இல்லை என்றால் குப்பைக்குப் போகும். கோட்டயம் மெயில் மாதிரி சில மெயில்களில் இரண்டு மூன்று விஷயம் கலந்திருக்கும். அவற்றை முதலில் உடைக்க வேண்டும். அதை அப்புறம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பழைய குவியல். ஞாயிற்றுக்கிழமையை மறுபடி பலி கொடுக்க வேண்டாம். அரை மணி நேரம் போதும், ஆனால் கம்ப்யூட்டரில் செய்யுங்கள். போனில் இத்தனை மெயிலை மொத்தமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. தேடல் பெட்டியில் இதை அடியுங்கள்:

```
is:starred older_than:30d
```

ஒரு மாதத்துக்கு முந்தைய ஸ்டார் எல்லாம் வரும். திறக்காதீர்கள், அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் மட்டும் பார்த்துக்கொண்டே கீழே இறங்குங்கள். “ஐயோ, இதை இன்னும் செய்யவில்லையே” என்று நெஞ்சில் குத்துகிற மெயிலை மட்டும் திறந்து, வேலையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் நூற்றுக்கு ஐந்தாறுதான் அப்படி உயிரோடு இருக்கும். மீதி காலாவதியானவை. அது முடிந்ததும் இது:

```
in:inbox older_than:30d
```

மேலே இடது பக்கம் இருக்கும் கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் உள்ள 50 மட்டும்தான் தேர்வாகும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், ஐம்பது ஐம்பதாக நூறு தடவை செய்து களைத்துப்போகிறார்கள். டிக் செய்தவுடன் பட்டியலுக்கு மேலே Select all conversations that match this search என்று ஒரு வரி தோன்றும். அதைத் தொட்டுவிட்டு Archive கொடுங்கள். ஒரு மாதத்துக்கு முந்தைய எல்லாம் ஒரே அடியில் இன்பாக்ஸை விட்டுப் போய்விடும்.

அழிக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். ஆர்கைவ் செய்த மெயில் All Mail-இல் பத்திரமாக இருக்கும், தேடினால் வரும், யாராவது அதற்குப் பதில் எழுதினால் தானாக இன்பாக்ஸுக்குத் திரும்பும். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை, கணக்கு ஆவணங்களை அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் 8,300-இல் எது பில், எது விளம்பரம் என்று இப்போது உட்கார்ந்து பிரிக்க முடியாது. அந்த 600-ஐ அழித்தபோது ஏதாவது பில் போயிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் Trash-ஐப் பாருங்கள். 30 நாள் ஆகவில்லை என்றால் அங்கே இருக்கும்.

இன்பாக்ஸில் இப்போது கடைசி ஒரு மாதத்து மெயில் மட்டும் மிச்சம். அதை நாளைக்கு வரும் மெயிலைப் போலவே, சிறிது சிறிதாகத் தினசரி வேளையிலேயே முடித்துவிடலாம்.

சரி, தினசரி வேளை. உங்கள் கடைக்கு இரண்டு வேளை போதும். காலை 10.30-க்கு இருபது நிமிடம், மாலை 4.30-க்குப் பதினைந்து நிமிடம். கடை திறந்ததும் மெயிலில் உட்காராதீர்கள். தோட்டத்துக்காரர்கள் ஷீட்டும் ஒட்டுப்பாலும் கொண்டுவந்து தராசுக்கு முன்னால் நிற்கும் நேரம் அது. ஒரு மெயிலைப் பாதி படிக்கும்போது எடை எழுத எழுந்து போவீர்கள். 1,805 என்பது 1,850 ஆனதுகூட அப்படி ஒரு நேரத்தில்தான் என்று என் ஊகம். இடையில் போனில் மெயில் சத்தத்தையும் அணைத்துவிடுங்கள். லோடு வழியில் நின்றுவிட்டது மாதிரி அவசரம் என்றால் எந்தப் பார்ட்டியும் மெயில் எழுதிக்கொண்டிருக்க மாட்டார், போன்தான் அடிப்பார்.

உட்கார்ந்ததும் கீழே இருக்கும் பழைய மெயிலிலிருந்து மேலே வாருங்கள். எளிதாகத் தெரிகிறதைப் பொறுக்காதீர்கள், வரிசையை விட்டுத் தாவாதீர்கள். பொறுக்க ஆரம்பித்தால் கஷ்டமான மெயில்தான் அடியில் தங்கும், நமக்கு ஆபத்தானதும் அதுதான். இதற்கு ஜிமெயிலில் ஒரு வசதி உண்டு. Settings-இல் Advanced பகுதியில் Auto-advance என்பதை Enable செய்து சேமியுங்கள். அப்புறம் General பகுதியில், அடுத்த புதிய மெயிலுக்குப் போகும்படி தேர்ந்தெடுங்கள். ஒரு மெயிலை ஆர்கைவ் செய்தாலோ அழித்தாலோ அடுத்தது தானாகத் திறக்கும். பட்டியலுக்குத் திரும்பிப் போய் எதைத் திறக்கலாம் என்று கண்ணை ஓட்டும் வேலையே இருக்காது. சின்ன விஷயம்தான், ஆனால் வரிசையைக் காப்பாற்றுவது இதுதான்.

இப்போது கோட்டயம் மெயிலையே நாளைக் காலை வந்ததாக வைத்துக்கொண்டு செய்து பார்ப்போம்.

திறந்ததும் முழுதாகப் படியுங்கள், கடைசி வரிக்குக் கீழே இருக்கும் கையெழுத்து வரை. படித்து முடித்ததும் பதில் பொத்தானுக்குக் கை போகக்கூடாது. இதில் எத்தனை வினைச்சொல் எனக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். ‘கிரெடிட் நோட் போடு’ ஒன்று. ‘முகவரியை மாற்று’ இரண்டு. ‘மாமாவிடம் 3 டன் கேள்’ மூன்று.

இரண்டு நிமிடத்துக்குள் முடிவதை அப்போதே முடித்துவிடுவது நல்லது. பட்டியலில் எழுதி, மறுபடி தேடி எடுக்க ஆகும் நேரத்தில் அதையே செய்துவிடலாம். முகவரி அந்த வகை. பில் போடும் மென்பொருளில் அந்தப் பார்ட்டியின் பக்கத்தைத் திறந்து, டெலிவரி முகவரியை மாற்றிவிடுங்கள். முகவரி இருக்க வேண்டிய இடம் மெயில் அல்ல. மெயிலில் விட்டால் அடுத்த லோடு பழைய குடோனுக்குத்தான் போகும், ஏனென்றால் பில் அடிக்கும்போது யாரும் மெயிலைத் தேடிப் பார்ப்பதில்லை.

கிரெடிட் நோட் இரண்டு நிமிட வேலை இல்லை. பில் 214-ஐ எடுக்க வேண்டும், எடைச் சீட்டைத் தேட வேண்டும், 45 கிலோ வித்தியாசத்தை மாமா ஒப்புக்கொள்ள வேண்டும். இது பட்டியலுக்குப் போக வேண்டியது. மெயில் திறந்திருக்கும்போதே Shift+T அடித்தால், ஷார்ட்கட் இயக்கப்பட்டிருந்தால், அது Google Tasks-இல் ஒரு வேலையாகச் சேரும். மெயிலுக்கு இணைப்பும் கூடவே இருக்கும், நீங்கள் மெயிலை ஆர்கைவ் செய்தாலும் இணைப்பு வேலை செய்யும். ஆனால் ஒரு குறை. மெயிலின் தலைப்பையே வேலையின் பெயராக அது எடுத்துக்கொள்ளும். உங்கள் பட்டியலில் ‘Re: Re: Fwd: Bill’ என்று நின்றால் அது ஸ்டாருக்குச் சமம்தான். அதை அழித்துவிட்டு உங்கள் வாயால் சொல்வதுபோல எழுதுங்கள்: “பில் 214-க்கு எடைச் சீட்டு பார்த்து 45 கிலோ கிரெடிட் நோட் போட்டு அனுப்பு.” தேதி வியாழக்கிழமை. தேதியை மனம்போல வைக்கக்கூடாது. அந்த மாதம் போட்ட கிரெடிட் நோட் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போகும் ஜிஎஸ்டிஆர்-1-இல் ஏற வேண்டும், ஆடிட்டருக்கு அதற்கு இரண்டு நாள் முன்பாவது கணக்கு போக வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

மூன்றாவது, மாமாவிடம் கேட்க வேண்டியது. பட்டியலில் தனி வரி: “மாமாவிடம் கேள் – கோட்டயத்துக்கு 3 டன், அடுத்த வாரம்.” இன்று மாலை.

இப்போதுதான் பதில். மூன்றுக்கும் சேர்த்து எழுத வேண்டும்: “முகவரி மாற்றிவிட்டோம். கிரெடிட் நோட் வியாழக்கிழமைக்குள் வரும். 3 டன் பற்றி மாலைக்குள் சொல்கிறேன்.” மூன்றே வரி. இப்படி எழுதும் பழக்கம் வந்துவிட்டால் ஒரு விஷயத்தை விட்டுவிடவே முடியாது. ஏதாவது விடுபட்டால் பதிலில் ஒரு வரி குறையும், கண்ணிலே படும். பதில் அனுப்பினீர்கள், ஆர்கைவ் செய்தீர்கள், அவ்வளவுதான். மெயில் இன்பாக்ஸில் இல்லை, வேலை பட்டியலில் இருக்கிறது, முகவரி பில் மென்பொருளில் இருக்கிறது. மொத்தம் ஐந்து நிமிடம் ஆகும்.

ஒரு நாளைக்கு இப்படிப்பட்ட மெயில் ஒன்றிரண்டுதான் வரும். மீதி எல்லாம் சில விநாடி வேலை. கூரியர் கிளம்பியது, கூரியர் வந்துகொண்டிருக்கிறது, ஓடிபி, பண்டிகைத் தள்ளுபடி, நேற்றைய ரப்பர் விலை: அழியுங்கள். அழிப்பதா என்று கை தயங்கினால் ஒரே கேள்வி கேளுங்கள். இது போய்விட்டால் வேறெங்கிருந்தாவது எடுக்க முடியுமா? நேற்றைய விலையை ரப்பர் வாரியத்தின் தளத்தில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். சப்ளையர் அனுப்பிய பில்லை அப்படி எடுக்க முடியாது. அதை ஆர்கைவ் செய்யுங்கள். தெரிந்த கம்பெனி விளம்பரம் அனுப்பிக்கொண்டே இருந்தால் Unsubscribe கொடுக்கலாம். யாரென்றே தெரியாதவன் அனுப்பியதில் அந்த இணைப்பைத் தொடாதீர்கள். ஸ்பேம் என்று மட்டும் தள்ளுங்கள்.

ஆவணத்துக்கு நாற்பது லேபிள் போட்டு ஆரம்பிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வாரமே ‘மற்றவை’ என்று ஒரு லேபிள் முளைக்கும், எல்லாம் அதிலேயே போய் விழும். உங்களுக்கு ‘வரி’, ‘வங்கி-காப்பீடு’ என்று இரண்டு லேபிள் போதும். அவை ஆடிட்டர் மொத்தமாகக் கேட்கும் வகை. மீதிக்குத் தேடலே போதும். ஒரு பார்ட்டியின் பில் வேண்டும் என்றால் அவர் முகவரியைப் போட்டு,

```
from:பார்ட்டியின்-மெயில்-முகவரி filename:pdf
```

என்று அடித்தால் பி.டி.எஃப். இணைத்து அவர் அனுப்பிய மெயில்கள் மட்டும் வரும்.

தானாகப் பிரிக்கும் ஃபில்டர் போட ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். பத்து வருடத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், எங்கள் வங்கியிலிருந்து தினமும் வரும் வரவு-செலவு அறிவிப்பு தொல்லையாக இருக்கிறது என்று, அந்த முகவரியிலிருந்து வரும் எல்லாமே இன்பாக்ஸுக்கு வராமல் ஆர்கைவுக்குப் போகும்படி வைத்தேன். அதே முகவரியிலிருந்துதான் குடோனின் தீ காப்பீட்டுப் பிரீமிய நினைவூட்டலும் வந்திருக்கிறது. பாலிசி காலாவதியாகிப் பத்தொன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பத்தொன்பது நாளில் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அந்த வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. அதிலிருந்து ஃபில்டரை அனுப்பியவர் பெயரில் மட்டும் போடுவதில்லை. அந்தக் குறிப்பிட்ட அறிவிப்பில் மாறாமல் வரும் தலைப்பு வரியையும் சேர்த்துத்தான் போடுவேன். ஜிஎஸ்டி தளம், வருமான வரி, காப்பீடு இந்த மூன்றுக்கும் ஃபில்டரே கிடையாது. Promotions பகுதியை மொத்தமாக அழிக்கும் முன்பும் ஒரு தடவை

```
category:promotions (renewal OR policy OR premium)
```

என்று பார்த்துவிடுவேன். நினைவூட்டல்கள் அங்கே போய் ஒளிந்துகொள்வதுண்டு.

இந்த வழக்கம் தளர்கிறது என்பதற்கு அடையாளம் இன்பாக்ஸின் எண்ணிக்கை அல்ல. மழை நாளில் கரண்ட் போய்விடும், லோடு ஏறும் நாளில் மாலை வேளை தவறிவிடும், அதனால் அறுபது மெயில் சேர்வது பெரிய விஷயமில்லை. அடுத்த வேளையில் கீழிருந்து ஆரம்பித்தால் தீர்ந்துவிடும். பார்க்க வேண்டியது வேறு. ஒரே மெயிலை இரண்டாவது தடவை திறந்து “அப்புறம் பார்க்கலாம்” என்று மூடினீர்கள் என்றால், அதில் உடைக்காத வேலை ஏதோ இருக்கிறது. பட்டியலில் ஒரு வேலையின் தேதியை மூன்றாவது தடவை தள்ளிப்போடுகிறீர்கள் என்றால் அதை நீங்கள் செய்ய முடியாது, மாமாதான் முடிவெடுக்க வேண்டும். அவரிடம் கொண்டுபோங்கள். சனிக்கிழமை மாலை பட்டியலை ஒரு பத்து நிமிடம் மேலிருந்து கீழே படித்தால் இந்த இரண்டும் தெரிந்துவிடும்.

மாமாவும் இதே மெயில் கணக்கைத் தன் போனில் திறந்து பார்ப்பார் என்று நினைக்கிறேன். பெரும்பாலான கடைகளில் அப்படித்தான். அவர் ஒரு மெயிலைத் திறந்துவிட்டால் உங்களுக்கு அது படித்த மெயிலாகத் தெரியும், அவர் பார்த்துக்கொண்டார் என்று நீங்களும், நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள் என்று அவரும் இருப்பீர்கள். அதனால் தடித்த எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். இன்பாக்ஸில் இருந்தாலே அது பிரிக்காத மெயில்தான். அவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: படிக்கலாம், பதில்கூட எழுதலாம், ஆனால் அழிக்கவோ ஆர்கைவ் செய்யவோ கூடாது. அது உங்கள் வேலை.

இனி அந்தப் பேமென்ட். போன மாத ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் ஆகிவிட்டதே, கிரெடிட் நோட் இனி போட முடியாதோ என்று பயந்து தள்ளிப்போட்டிருந்தால், அந்தப் பயம் வேண்டாம். கிரெடிட் நோட் எந்த மாதத்தில் போடுகிறீர்களோ அந்த மாதத்து ரிட்டர்னில்தான் காட்டுவீர்கள். இன்றே எடைச் சீட்டைப் பார்த்துவிட்டுப் போட்டு, “தாமதத்துக்கு மன்னிக்கணும் சார், பில் 214-க்கு 45 கிலோ கிரெடிட் நோட் இணைத்திருக்கிறோம்” என்று அனுப்பிவிட்டு, ஒரு போனும் போட்டுவிடுங்கள்.